அணைந்த விளக்கு ஏன் உடனே எரிவதில்லை?

சிறிய சோலார் பேனலோடு இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இரவில் சுமார் 11.1 வோல்ட்டுக்கு இறங்கியதும், சார்ஜ் கன்ட்ரோலர் விளக்கை அணைத்துவிடும். சுமை நீங்கியதுமே வோல்டேஜ் தானாக 11.7 வரைகூட ஏறலாம். சேமிப்பு கூடிவிட்டதாக அர்த்தமில்லை. இதை நம்பி மறுபடி இணைத்தால் வோல்டேஜ் சரியும். விளக்கு விடியவிடிய மினுக்கும். அதனால்தான் 12.6 வரும்வரை கன்ட்ரோலர் காத்திருக்கிறது. பகலில் ஏறத்தாழ 14.4-ஐத் தொட்டதும் சார்ஜைக் குறைக்கவும் செய்யும்.

நல்ல பேட்டரியிலும் விளக்கு சீக்கிரமே அணைகிறதா? விளக்கு எரியும்போதே பேட்டரி முனையிலும் கன்ட்ரோலர் முனையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால், பெரும்பாலும் மெல்லிய வயரோ தளர்ந்த இணைப்போதான் காரணம்.