சட்டென்று உள்ளே, மெல்ல வெளியே

1996-இல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’ விளையாட்டில் கண்ணாடி பதித்த அறை ஒன்று உண்டு. மாரியோ அதற்குள் போனால் எதிரே அவனுடைய பிம்பம் தெரியும். அவனுக்குப் பின்னால், மேகத்தில் மிதந்தபடி கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் லகிட்டு என்ற பாத்திரமும் தெரியும். அதுவரை நாம் பார்த்த காட்சிகளையெல்லாம் படம் பிடித்தது அதுதான் என்று அங்கே புரியும்.

கதாபாத்திரத்தின் முதுகைப் பார்த்தபடி ஆடும் எல்லா விளையாட்டிலும் இப்படி ஒருவர் பின்னால் வருவதாக வைத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், கதாபாத்திரம் சுவரில் சாய்ந்து நின்றால் பின்னால் வருகிறவருக்கு நிற்க இடம் இருக்காது. கணினிக்கு அந்தக் கூச்சம் இல்லை. கேமராவைச் சுவருக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடும். பெரும்பாலான விளையாட்டுகளில் சுவருக்கு வெளிப்பக்கம் மட்டுமே வரையப்படுகிறது. அதனால் உள்ளே மாட்டிய கேமராவுக்குச் சுவர் மறைந்துபோய், ஊரே உள்ளீடற்ற அட்டைப் பெட்டியாகத் தெரியும்.

இதற்கான வழக்கமான மருந்து ‘ஸ்பிரிங் ஆர்ம்’. செல்ஃபி எடுக்கும் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை கதாபாத்திரத்தின் தோள் உயரத்தில், மறுமுனையில் கேமரா. வழியில் சுவர் வந்தால் குச்சி அதற்குத் தகுந்தாற்போல் உள்ளே மடங்கும், விலகினால் மறுபடி நீளும். உண்மையில் அங்கே குச்சியும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. நொடிக்குப் பல தடவை, தோளிலிருந்து கேமரா இருக்கவேண்டிய இடம் வரை ஒரு பந்தை உருட்டிப் பார்க்கிறது கணினி. பந்து எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே கேமரா நிற்கும்.

ஒரு கோட்டை நீட்டிப் பார்த்தால் போதாதா, பந்து எதற்கு? கேமரா ஒரு புள்ளி இல்லை. அதன் முன்னால் ஒரு சிறிய செவ்வகச் சன்னல் இருப்பதாகக் கணக்கு, அந்தச் சன்னலுக்கு அப்பால் இருப்பது மட்டுமே திரையில் வரும். இலவசமாகக் கிடைக்கும் கோடோ எஞ்சினில் இந்தச் சன்னல் கேமராவிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கிறது, பார்வைக் கோணம் 75 டிகிரி. 16:9 திரைக்குக் கணக்குப் போட்டால் சன்னலின் மூலை கேமராவிலிருந்து ஏறக்குறைய 9 செ.மீ. தூரத்தில் விழும். கோடு சுவரைத் தொடாமல் பக்கத்தில் போனாலும் அந்த மூலை சுவருக்குள் புகுந்துவிடும். திரையின் ஓரத்தில் மட்டும் முக்கோணமாக ஒரு ஓட்டை மின்னி மறைந்தால் இதுதான் காரணம். 9 செ.மீ.க்கு மேல் ஆரம் உள்ள பந்து என்றால் இந்தத் தொல்லை இல்லை. நான் 20 செ.மீ. வைப்பேன்.

பந்து புறப்படும் இடமும் முக்கியம். கோடோவில் பந்து புறப்படும்போதே ஒரு பொருளுக்குள் கொஞ்சம் புதைந்திருந்தால், அந்தப் பொருளை இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். குச்சியின் அடியை அழகுக்காக வலது தோளுக்கு வெளியே அரை மீட்டர் தள்ளி வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கதாபாத்திரம் வலப்பக்கம் சுவரை உரசி நடக்கும்போது பந்து சுவருக்குள்ளிருந்தே புறப்படும், கேமரா சுவரைத் தாண்டி நிற்கும். ஆகவே அடி உடலின் நடுவிலேயே இருக்கட்டும். உடலைச் சுற்றிய மோதல் உறையின் ஆரம் 40 செ.மீ. என்றால், 20 செ.மீ. பந்து எப்போதும் அதற்குள் அடங்கியிருக்கும். உறை நுழையாத சுவரில் பந்தும் நுழையாது.

இதுவரை சொன்னதை எஞ்சின்களே செய்து தருகின்றன. கோடோவில் அதன் பெயர் SpringArm3D. அன்ரியல் எஞ்சினில் SpringArmComponent, அதில் குச்சியின் தொடக்க நீளம் 300 செ.மீ., பந்து 12 செ.மீ. ஆனால் இரண்டிலும் குச்சி மடங்குவதும் சட்டென்று, நீளுவதும் சட்டென்று. அன்ரியலில் ‘கேமரா லேக்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் இந்த வெடுக்கென்ற நீட்சி சரியாகும் என்று பலர் நம்பி ஏமாறுவார்கள். அது கதாபாத்திரத்தின் நடையைக் கேமரா மெல்லப் பின்தொடர்வதற்கானது. சுவர் விலகியதும் கேமரா பாய்வதை அது தடுக்காது. அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது பிடித்துக்கொள்ளவேண்டிய விதி ஒன்றுதான்: உள்ளே வருவது உடனே, வெளியே போவது மெல்ல. இரண்டையும் ஒரே மாதிரி மென்மையாக்கத் தோன்றும், அது தவறு. உள்ளே வருவதைத் தாமதித்தால் அந்தத் தாமதம் முழுக்கக் கேமரா சுவருக்குள் இருக்கும். வெளியே போவதைத் தாமதித்தால் கேமரா தேவைக்கு மேல் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

கோடோவில் செய்து பார்ப்போம். கதாபாத்திரத்தின் தோள் உயரத்தில் ஒரு Node3D, சுட்டியை அசைத்தால் சுழல்வது அது. அதற்குக் கீழே முதலில் SpringArm3D, அடுத்து Camera3D. கேமராவைக் குச்சிக்குப் பிள்ளையாக வைக்கக்கூடாது, வைத்தால் எஞ்சினே அதை இழுத்துக்கொண்டு போய்விடும். குச்சியின் நீளம் 4 மீட்டர், அதன் shape-இல் 0.2 ஆரமுள்ள SphereShape3D. கேமராவுக்கு இந்த நிரல்:

```
extends Camera3D

@onready var arm: SpringArm3D = $"../SpringArm3D"
var dist := 4.0
var wait := 0.0

func _physics_process(delta):
    var room := arm.get_hit_length()
    if room < dist + 0.01:
        dist = min(dist, room)
        wait = 0.6
    elif wait > 0.0:
        wait -= delta
    else:
        dist += (room - dist) * (1.0 - exp(-4.0 * delta))
    position.z = dist
```

room என்பது பந்து போக முடிந்த தூரம், dist என்பது கேமரா இப்போது நிற்கும் தூரம். இடம் குறைந்தால் கேமரா அந்தக் கணமே உள்ளே வரும். இடம் கூடினால் 0.6 நொடி அப்படியே காத்திருக்கும், பிறகு மெல்லப் பின்வாங்கும். exp இருக்கும் வரிக்குப் பதிலாக, ‘மிச்ச தூரத்தில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு ஃபிரேமிலும் கட’ என்று எழுதுவது சுலபம். ஆனால் நிரலை _process-க்கு மாற்றினால், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் அரை நொடிக்குப் பின் மிச்சம் 4 சதவீதம், 30 ஃபிரேம் ஓடும் கணினியில் 21 சதவீதம். ஒரே விளையாட்டில் இரண்டு விதமான கேமரா. exp அந்த வேறுபாட்டைப் போக்கிவிடும்.

காத்திருப்பது எதற்கு என்று தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரத்தில் ஓடினால் தெரியும். 3 மீட்டருக்கு ஒரு தூண், ஒவ்வொன்றும் அரை மீட்டர் அகலம். கதாபாத்திரம் நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது. கேமரா தூண்களுக்கு அப்பாலிருந்து பக்கவாட்டில் பார்க்கிறது. பந்தின் அகலத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு தூணும் 0.18 நொடி மறைக்கும், பிறகு 0.42 நொடி வெட்டவெளி. தூணின் முகம் கதாபாத்திரத்திலிருந்து 1.5 மீட்டரில் இருந்தால் கேமரா 1.3 மீட்டருக்கு வந்து நிற்கும். காத்திருக்காமல் பின்வாங்கினால், அடுத்த தூண் வருவதற்குள் 3.5 மீட்டர் வரை போய், மறுபடி 1.3-க்குத் தூக்கி எறியப்படும். நொடிக்கு ஒன்றரை தடவைக்கு மேல் இந்த ஊஞ்சல், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். 0.6 நொடி காத்திருந்தால் கேமரா 1.3 மீட்டரிலேயே நிலையாக வரும். கடைசித் தூண் கடந்து காத்திருப்பும் முடிந்த பிறகு கால் நொடியில் 3 மீட்டர், அரை நொடியில் 3.6, ஒரு நொடியில் ஏறக்குறைய முழு நீளம்.

நிரலில் இருக்கும் 0.01-ஐத் தேவையில்லை என்று எடுத்துவிடாதீர்கள். நான் முதலில் room < dist என்று மட்டும் எழுதியிருந்தேன். தாழ்வாரத்தில் ஊஞ்சல் குறைந்தது, நிற்கவில்லை. காரணம் பிடிபடச் சற்று நேரமானது. தூண் மறைத்துக்கொண்டிருக்கும்போது இரண்டு எண்ணும் சமமாகிவிடும். சமம் என்றால் ‘குறைவு’ இல்லை, ஆகவே காத்திருப்புக் கடிகாரம் தூண் விலகும் முன்பே ஓட ஆரம்பித்துவிடும். ஒரு செ.மீ. இடைவெளி விட்டதும், தூண் தொட்டுக்கொண்டிருக்கும் வரை கடிகாரம் நகரவில்லை.

குச்சி எதையெல்லாம் சுவராக நினைக்கலாம் என்பதை collision_mask-இல் சொல்லவேண்டும். கட்டடமும் தரையும் மட்டும் போதும். கதாபாத்திரத்தின் உடலும் கையிலுள்ள வாளும் வேறு அடுக்கில் இருக்கட்டும். வாளை வீசும்போதெல்லாம் கேமரா நடுங்கினால் அது வாளின் மேல்தான் முட்டிக்கொண்டிருக்கிறது. விளக்குக் கம்பம், கயிறு, மெல்லிய மரக்கிளை போன்றவற்றையும் அந்த அடுக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு கணம் மறைத்துவிட்டுப் போகிற பொருளுக்காகக் கேமராவை மூன்று மீட்டர் இழுப்பதைவிட, அதை மங்கலாக வரைவது கண்ணுக்கு இதம்.

இந்த முறையால் தீராத ஒன்றும் உண்டு. அறையின் மூலையில் முதுகு ஒட்ட நின்றால் கேமரா அரை மீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு வந்து, திரை முழுக்கப் பின்னந்தலையே தெரியும். பந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அங்கே இடமே அவ்வளவுதான். dist ஒரு மீட்டருக்குக் கீழே போகும்போது கதாபாத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவிட்டு, அரை மீட்டரில் முற்றிலும் மறைப்பது வழக்கம். எழுதி முடித்ததும் நான் முதலில் நிறுத்திப் பார்ப்பது இந்த மூலையில்தான். முதுகை ஒட்டிவைத்து கேமராவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவேன். எந்த இடத்திலும் சுவருக்கு அப்பால் வானம் தெரியக்கூடாது. அடுத்து தூண்களின் பக்கம் ஓடுவேன்.