கோபுரம் விட்டுக் கோபுரம் தாவும் அழைப்பு

பெய்ஜிங்–ஷாங்காய் ரயில் மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதில் பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பைக் கோபுரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

4ஜி வலையமைப்பில் செல்பேசி, தன் கோபுரத்தின் சிக்னலையும் அண்டைக் கோபுரங்களின் சிக்னலையும் ஓயாமல் அளக்கிறது. அண்டைக் கோபுரம் 3 டெசிபல், அதாவது ஏறத்தாழ இரு மடங்கு, வலுவாக இருந்தாலும் உடனே தாவிவிடாது. அந்த நிலை, எடுத்துக்காட்டாக 640 மில்லி விநாடி நீடித்தால்தான் பழைய கோபுரத்துக்குத் தகவல் போகும். இந்தப் பொறுமை இல்லாவிட்டால், அழைப்பு இரு கோபுரங்களுக்கிடையே பந்தாடப்படும்.

நடப்பவர் அந்த நேரத்தில் ஒரு மீட்டர்கூட நகர்வதில்லை. ரயிலோ 62 மீட்டர் கடந்துவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். 'மாறு' என்ற கட்டளையை அனுப்புவது பழைய கோபுரம். அதற்குள் அதன் சிக்னல் தேய்ந்திருந்தால், கட்டளை செல்பேசிக்கு எட்டாது. இணைப்பை மீட்கச் செல்பேசி முயலும்; புதிய கோபுரத்திடம் அழைப்பின் விவரம் இல்லையென்றால் பேச்சு அறுந்துவிடலாம். குரல் சிதறி, மௌனமாகி, அழைப்பு துண்டித்ததும் சிக்னல் கோடுகள் நிறைந்து தெரிந்தால், கைமாற்றம் தாமதமானது என்று ஊகிக்கலாம்.

காத்திருப்பைக் குறைப்பது ஒரு வழி. ஆனால் பந்தாட்டம் கூடும். அதனால் அதிவேகத் தடங்களில், பாதையோரத்துப் பல ஆன்டெனாக்களை ஒரே செல்லாக இணைக்கிறார்கள். அவற்றைக் கடக்கும்வரை அழைப்பைக் கைமாற்ற வேண்டியதே இல்லை.