படத்தில் மின்னும் ஆப்பிள்

சென்ற நோன்பு மாதத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. வெள்ளவத்தையில் நடைபாதையில் பழம், மரக்கறி விற்கும் ஒருவரின் கடை. இரவில் எடுத்தது. ஆப்பிளும் வெள்ளரிக்காயும் கண்ணாடிபோல் மின்னின. கீழே, "மெழுகு பூசி விற்கிறார், இவரிடம் வாங்காதீர்கள்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அன்றோடு ஆப்பிள் நின்றது. படத்தில் அந்த வியாபாரியின் முகமும் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் என்னை உறுத்தியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முதலில் பார்க்க வேண்டியது பழத்தை அல்ல, விளக்கை. வழுவழுப்பான எந்தத் தோலும் தன்மேல் விழும் ஒளியை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் திருப்பி அனுப்பும். விளக்கு சிறியதாக இருந்தால் புள்ளியும் சிறிதாக, கூர்மையாக இருக்கும். மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில் அதே பழத்தில் அந்தப் புள்ளி பரந்து மங்கிவிடும். அந்தப் படத்தில் ஒவ்வோர் ஆப்பிளிலும் இரண்டு புள்ளிகள் இருந்தன. கடையில் தொங்கியதும் இரண்டு பல்புகள். பக்கத்தில் கிடந்த கத்தரிக்காயிலும் அதே இரண்டு புள்ளிகள், அதே கூர்மையில். கத்தரிக்காய் இயல்பாகவே மினுங்கும். ஆகவே அந்தப் பளபளப்பை மட்டும் வைத்து மெழுகு என்று சொல்ல முடியாது.

வெள்ளரிக்காயின் மினுக்கம் வேறு மாதிரி இருந்தது. கோடாக ஓடாமல் குட்டிக் குட்டி மணிகளாக உடைந்திருந்தது. அது தண்ணீர். காய் வாடாமலிருக்கத் தெளிப்பது வழக்கம். உண்மையில் மெழுகே இல்லாமலும் வெள்ளரிக்காய் மின்னலாம். அதன் தோலில் இயல்பாக வெண்ணிறப் பூச்சு ஒன்று உண்டு. அதில் சிலிக்கா இருக்கிறது. ஜப்பானில் சிலிக்காவை அதிகம் உறிஞ்சாத பூசணி வேரில் வெள்ளரியை ஒட்டுக்கட்டி, அந்த வெண்பூச்சு இல்லாத பளபளப்பான காய்களை விளைவிக்கிறார்கள்.

ஆப்பிளில்தான் விஷயம் சிக்கலானது. ஆப்பிள் தானே மெழுகு சுரக்கும் பழம். மரத்திலிருந்து பறித்தவுடன் மேலே மங்கலான சாம்பல் படலம் தெரியும்; துணியால் தேய்த்தால் அந்தப் படலமே பளபளக்கும். பழத்தைக் கழுவும்போது இயற்கை மெழுகில் ஒரு பகுதி போய்விடுவதால், ஏற்றுமதி செய்யும் இடங்களில் அரக்கு அல்லது கார்னோபா என்ற பனைவகை மரத்தின் இலைமெழுகைப் பூசுகிறார்கள். ஓரிரு துளி ஒரு பழத்துக்குப் போதும். (அரக்கு பூச்சியிலிருந்து வருவது என்று சொன்னதும், "அப்ப அது சாப்பிடலாமா?" என்று உம்மம்மா கேட்டார். அதை மௌலவியிடம் கேட்கும் பொறுப்பை வாப்பா எடுத்துக்கொண்டார்.)

தேய்த்த பழத்தையும் பூசிய பழத்தையும் எப்படிப் பிரிப்பது? துணி எட்டாத இடத்தைப் பார்க்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள குழியில் தோல் பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். கன்னம் மின்னி, குழி மங்கலாக இருந்தால் தேய்த்திருக்கலாம். குழிக்குள்ளும் ஈரம்போல் மின்னினால் பூச்சு இருக்க வாய்ப்பு அதிகம். இன்னோர் அடையாளம் வெள்ளைத் திட்டு. குளிரறையிலிருந்து எடுத்த பழத்தின்மேல் கொழும்புக் காற்றின் ஈரம் வியர்வைபோல் படியும்; அரக்குப் பூச்சு அந்த ஈரத்தில் வெளுக்கும். அந்தப் படத்தில் மூன்று பழங்களின் குழி மின்னியது, ஒன்றின் காம்பருகே வெள்ளைத் திட்டும் இருந்தது. பூச்சு இருந்திருக்கலாம் என்பது வரை படம் சொன்னது. என்ன பூச்சு என்று எந்தப் படமும் சொல்லாது.

மறுநாள் வாப்பாவோடு போய் அதே கடையில் இரண்டு ஆப்பிள் வாங்கினேன். கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டியபோது மெல்லிய வெள்ளைத் தூள் வந்தது. உம்மா பயந்துபோனார். ஆனால் இயற்கை மெழுகும் இப்படித்தான் சுரண்ட வரும். சுடுநீர்ச் சோதனையும் அரைகுறைதான்: கார்னோபா உருக 80 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும், கை பொறுக்கும் சூட்டில் அது அசையாது. தோலைச் சீவினால் பூச்சு போய்விடும். தோலின் நார்ச்சத்தும் சேர்ந்து போகும்.

வியாபாரியிடம் வாப்பா பேச்சோடு பேச்சாகக் கேட்டார். அவர் கீழே இருந்த அட்டைப்பெட்டியை இழுத்துக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி. உள்ளே தட்டுத் தட்டாக, இன்னும் கை படாத பழங்கள். "நான் எங்க தம்பி பூசுறது? பெட்டியத் திறக்கும்போதே இப்படித்தான் இருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். அடித்தட்டில் இருந்தவற்றின் காம்புக் குழிகளும் மின்னிக்கொண்டிருந்தன. அதை நான் படமெடுத்து, அவருடைய முகம் வராமல், குழுவில் போட்டேன்.