சுவிஸில் பிள்ளைக்கான மாதப்படி: யாருக்கு, எவ்வளவு, எதுவரை

சுவிட்சர்லாந்தில் வேலை செய்யும் தாய் அல்லது தந்தையின் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே தனி வரியாக ஒரு தொகை வருகிறது. பிள்ளை சிறுவயதாக இருந்தால் அது பிள்ளைப்படி. பிள்ளை தொழிற்பயிற்சியிலோ மேற்படிப்பிலோ இருந்தால் கல்விப்படி. இரண்டுக்கும் பொதுப்பெயர் குடும்பப்படி. தொகையை முதலாளி கையளித்தாலும் அது அவர் விரும்பித் தரும் சலுகை அன்று. ஒவ்வொரு முதலாளியும் ஒரு குடும்பப்படி நிதியத்தில் சேர்ந்து, தான் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் ஒரு விகிதத்தை அதில் கட்ட வேண்டும். அந்த நிதியமே பிள்ளைகளுக்கான பணத்தைத் தருகிறது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து இதற்காக எதுவும் பிடிக்கப்படுவதில்லை. வலே மாநிலத்தில் மட்டும் தொழிலாளியும் ஒரு சிறு பங்கு கட்டுகிறார்.

முன்பு ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு விதி வைத்திருந்தது. 2006 நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் நாடு முழுவதற்குமான குடும்பப்படிச் சட்டம் ஏற்கப்பட்டு, 2009 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை பிள்ளைப்படிக்கு மாதம் 200 பிராங், கல்விப்படிக்கு 250 பிராங். பதினாறு ஆண்டுகள் இந்தத் தொகை அசையவே இல்லை. விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்து 2025 ஜனவரி முதல் அது 215 பிராங்காகவும் 268 பிராங்காகவும் உயர்ந்தது. எந்த மாநிலமும் இதற்குக் குறைவாகத் தர முடியாது, கூடுதலாகத் தரலாம். ஜெனீவாவில் பிள்ளைப்படியே 300 பிராங்கைத் தாண்டுகிறது. சூரிச்சில் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை 215 பிராங், அதன்பின் 268 பிராங். சில மாநிலங்களில் பிள்ளை பிறந்தவுடன் ஒருமுறை தரும் பிறப்புப்படியும் உண்டு. எந்த மாநிலத்தின் தொகை பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது பொதுவாக வேலை செய்யும் இடம்தான், குடியிருக்கும் இடம் அன்று. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

படி கிடைக்க, சம்பளம் ஒரு சிறு வரம்பையாவது எட்ட வேண்டும். 2025இல் அந்த வரம்பு மாதம் 630 பிராங், ஆண்டுக்கு 7,560 பிராங். வாரத்தில் சில மணி நேரம் துப்புரவு வேலை செய்யும் ஒருவர்கூட இதை எட்டிவிடலாம். எட்டினால் முழுப் படி கிடைக்கும். பகுதிநேர வேலைக்குப் பகுதிப் படி என்ற கணக்கே இல்லை. இரண்டு மூன்று இடங்களில் சிறுசிறு வேலை செய்பவரின் சம்பளங்கள் சேர்த்தே பார்க்கப்படும்; மிகுதியான சம்பளம் தரும் முதலாளியின் நிதியம் படியைத் தரும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் 2013 முதல் இந்த உரிமை உண்டு. வேலையில்லாதவரின் வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் மாநிலத்தின் பொதுப்பணத்திலிருந்து அவருக்குப் படி கிடைக்கும். வேலையிழப்புக் காப்புறுதியில் நாட்கூலி பெறுபவருக்கு அந்தக் கூலியோடு பிள்ளைக்கான கூடுதல் தொகை சேர்க்கப்படும். ஆனால் வேலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கு அதே பிள்ளைக்கு உரிமை இருந்தால் இந்தக் கூடுதல் கிடைக்காது.

ஒரு பிள்ளைக்கு ஒரு படி என்பது சட்டத்தின் அடிப்படை விதி. தாயும் தந்தையும் வேலை செய்தாலும் பணம் இருமுறை வராது; யார் வாங்குவது என்பதையும் அவர்கள் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது. சட்டம் அதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. வேலை செய்பவர் வேலை செய்யாதவரை முந்துவார். இருவரும் வேலை செய்தால் பிள்ளை மீது பெற்றோர் உரிமை உடையவர். அதிலும் இருவரும் சமமென்றால் பிள்ளை பெரும்பாலும் யாருடன் வாழ்கிறதோ அவர். அதுவும் சமமென்றால் பிள்ளை வாழும் மாநிலத்தில் வேலை செய்பவர். அப்போதும் முடிவு வராவிட்டால் கூடுதல் சம்பளம் வாங்குபவர். முதல் உரிமை பெறாதவருக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. அவர் வேலை செய்யும் மாநிலத்தின் தொகை அதிகமாக இருந்தால், மிஞ்சும் வேறுபாட்டைத் தன் நிதியத்திடம் கேட்டுப் பெறலாம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்த்தால் இது விளங்கும். அவர்கள் குறைந்தபட்சத் தொகையையே தரும் ஒரு மாநிலத்தில் வாழ்கிறார்கள். தாய் அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் அரைநேர வேலை செய்கிறார். தந்தை தினமும் ரயிலேறிப் போய் சூரிச் மாநிலத்தில் உள்ள ஒரு உணவகத்தில் முழுநேரமும் வேலை செய்கிறார். பிள்ளைகள் மூவர்: ஏழு வயதில் ஒருவர், பதின்மூன்று வயதில் ஒருவர், தொழிற்பயிற்சியில் இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவர். தந்தையின் சம்பளம் பெரிது என்பதால் அவர் வழியாகவே படி வரும் என்று தோன்றலாம். ஆனால் பெற்றோர் உரிமை இருவருக்கும் உண்டு, பிள்ளைகள் இருவருடனும் வாழ்கிறார்கள். ஆகவே வரிசையின் அடுத்த படியே முடிவைத் தருகிறது: பிள்ளைகள் வாழும் மாநிலத்தில் வேலை செய்பவர் தாய். முதல் உரிமை அவருக்கே. சம்பளத்தை ஒப்பிடும் கட்டம் வரவே இல்லை.

தாயின் நிதியம் இளைய இருவருக்கும் தலா 215 பிராங்கும் மூத்த பிள்ளைக்கு 268 பிராங்கும் தரும், மொத்தம் 698. அடுத்து தந்தையின் பக்கம். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சூரிச்சிலும் 215தான், மூத்த பிள்ளைக்கு அங்கும் 268தான். இந்த இருவருக்கும் வேறுபாடு இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சூரிச் தருவது 268. தாய்க்குக் கிடைத்த 215ஐக் கழித்தால் மாதம் 53 பிராங் மிஞ்சும், அதைத் தந்தை கேட்கலாம். கேட்காவிட்டால் அது தானாக வராது. ஆண்டுக்கு 636 பிராங் யாருக்கும் தெரியாமல் நழுவிப்போகும். தாயின் சம்பளம் மாதம் 630 பிராங்குக்குக் குறைவாக இருந்திருந்தால் கதை வேறு. அப்போது வேலை வழியான உரிமை தந்தைக்கு மட்டுமே இருக்கும். முழுத் தொகையும் சூரிச்சிலிருந்து வரும்.

விண்ணப்பம் முதலாளி வழியாகவே நிதியத்துக்குப் போகிறது. பிறப்புச் சான்று, குடும்பப் பதிவு, மற்றப் பெற்றோரின் வேலை விவரம் ஆகியவை கேட்கப்படும். ஒரே பிள்ளைக்கு இரண்டு இடங்களில் பணம் போகாமல் பார்க்க 2011 முதல் நாடு முழுவதற்கும் ஒரு மையப் பதிவேடு இயங்குகிறது. கேட்கத் தவறியவர்கள் பின்னோக்கி ஐந்து ஆண்டு வரையான தொகையைக் கேட்கலாம். அதற்கு முந்தியது கிடைக்காது. இந்த ஐந்தாண்டு விதி ஒரு பெரிய ஆறுதல். வேறுபாட்டுத் தொகையைப் பற்றிக் கேள்விப்படாத எத்தனையோ குடும்பங்களுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

சொந்தப் பிள்ளைக்கும் தத்தெடுத்த பிள்ளைக்கும் படி உண்டு. மணத்துணையின் பிள்ளை பெரும்பாலும் அதே வீட்டில் வாழ்ந்தால் அதற்கும், வளர்ப்புப் பிள்ளைக்கும் உண்டு. பெரும்பங்கு செலவைத் தானே தாங்கினால் உடன்பிறப்புக்கும் பேரப்பிள்ளைக்கும்கூடக் கேட்கலாம். ஆனால் பிள்ளை வெளிநாட்டில் வாழ்ந்தால், சுவிஸ் அந்த நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கை அதற்குக் கட்டாயப்படுத்தினால் மட்டுமே பணம் போகும். இலங்கையோடு அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை. தந்தை சூரிச்சில் உழைத்து, பிள்ளை யாழ்ப்பாணத்தில் பாட்டியோடு வளர்ந்தால், முதலாளி அந்தத் தந்தைக்காகவும் நிதியத்தில் கட்டிவந்தாலும் பிள்ளைக்குப் படி இல்லை. குடும்பம் சேரக் காத்திருக்கும் ஆண்டுகளில் இது மிகவும் வலிக்கும் விதி. இதற்கு மாறான ஒரு நிலையும் உண்டு. சுவிஸில் வளர்ந்த பிள்ளை படிப்புக்காக மட்டும் வெளிநாடு சென்றால், அதன் குடியிருப்பு சுவிஸிலேயே தொடர்வதாக ஐந்து ஆண்டு வரை கருதப்படும். அந்தக் காலம் கல்விப்படி நிற்காது.

பிள்ளைப்படி பிறந்த மாதம் முதல், பதினாறாவது வயது நிறையும் மாதத்தின் முடிவுவரை வரும். நோயாலோ உடற்குறையாலோ உழைக்க முடியாத பிள்ளைக்கு இருபது வயதுவரை நீளும். கல்விப்படி, கட்டாயப் பள்ளி முடிந்து பிள்ளை மேற்கல்வியையோ தொழிற்பயிற்சியையோ தொடங்கும் மாதத்தில் ஆரம்பிக்கும். 2020 ஆகஸ்ட் முதல் பதினைந்து வயதிலேயே அதைப் பெறலாம். பதினாறு வயதிலும் கட்டாயப் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த மாதமே கல்விப்படி தொடங்கும். படிப்பு முடியும்வரை அது தொடரும். மேல் எல்லை இருபத்தைந்து வயது.

இருபத்தைந்துக்கு முன்பே நின்றுபோகும் இடங்களில்தான் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. படிப்போடு வேலையும் செய்யும் பிள்ளையின் சராசரி மாத வருமானம் முதியோர் ஓய்வூதியத்தின் உச்சத் தொகையைத் தாண்டினால், அதாவது 2025இல் 2,520 பிராங்கைத் தாண்டினால், சட்டத்தின் பார்வையில் அது படிக்கும் பிள்ளை அன்று. தொழிற்பயிற்சிச் சம்பளம் பொதுவாக இதற்குள்தான் இருக்கும். பயிற்சியின் கடைசி ஆண்டில் பகுதிநேர வேலையும் சேரும்போது கவனிக்க வேண்டும். இரண்டு படிப்புகளுக்கு நடுவே வரும் விடுமுறை நான்கு மாதம்வரை படிப்பாகவே எண்ணப்படும். இராணுவச் சேவை ஐந்து மாதம்வரை. நோயாலோ கர்ப்பத்தாலோ ஏற்படும் இடைவேளை பன்னிரண்டு மாதம்வரை. இவற்றுக்குப் பின் உடனே படிப்பு தொடர வேண்டும் என்பது நிபந்தனை. பாதியில் பயிற்சியைக் கைவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த மாதத்தோடு படி முடிகிறது. பெற்றோர் அறிவிக்காவிட்டால் பணம் தொடர்ந்து வரும். ஆனால் பின்னால் நிதியம் பயிற்சிச் சான்றைக் கேட்கும்போது வாங்கியதெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாகிவிடும்.

பெற்றோரின் பக்கத்தில் ஏற்படும் மாற்றமும் படியை நிறுத்தும். வேலை முடிந்தால் உரிமையும் முடிகிறது. நோய், விபத்து, சம்பளமற்ற விடுப்பு ஆகியவற்றில் அந்த மாதமும் அதன்பின் மூன்று மாதங்களும் படி தொடரும். பணியாளர் இறந்தாலும் அவ்வாறே. நீண்டநாள் நோயுற்றவருக்கு நோய்க்காப்புறுதி தரும் நாட்கூலி சம்பளமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே முதலாளியின் சம்பளம் நின்றிருந்தால், அந்த மூன்று மாதங்களுக்குப் பின் படி நின்றுவிடும். அந்த நேரத்தில் மற்றப் பெற்றோர் தன் முதலாளி வழியாக உடனே விண்ணப்பிக்க வேண்டும். அவர் வேலையில்லாதவர் என்றால், வேலையில்லாதோருக்கான மாநிலப் படியைக் கேட்க முடியுமா என்று குடியிருக்கும் மாநிலத்தின் நிதியத்தில் விசாரிக்கலாம்.

பிரிந்த பெற்றோருக்குத் தனி விதி. படியை வாங்குபவர் ஒருவராகவும் பிள்ளையை வளர்ப்பவர் இன்னொருவராகவும் இருக்கும்போது, நீதிமன்றம் விதித்த பராமரிப்புப் பணத்துக்கு மேலாகப் படியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பராமரிப்புத் தொகையிலிருந்து அதைக் கழிக்க முடியாது. பணம் பிள்ளைக்குச் செலவாகவில்லை என்றால், வளர்ப்பவரின் கணக்குக்கே நேராக அனுப்பும்படி நிதியத்திடம் கேட்கலாம். வயதுவந்த பிள்ளையும் தன் கல்விப்படியைத் தனக்கே நேரடியாகத் தரும்படி விண்ணப்பிக்கலாம். கடன்காரர்கள் இந்தத் தொகையைப் பறிமுதல் செய்வதையும் சட்டம் தடுக்கிறது.