ஒரு கைதட்டல் போதும்: தனி ஒலியை வீடியோவோடு சேர்ப்பது எப்படி?

பட்டிமன்றத்தை மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து வீடியோ எடுத்தால் படம் நன்றாக வரும். ஒலியில் எதிரொலியும் இருமலும் கலந்துவிடும். அதனால் மேடையில் தனியாக ஒரு ரெக்கார்டரை வைப்பார்கள். இரண்டு கருவிகளும் ஒரே நொடியில் தொடங்காததால், பிறகு சேர்க்கும்போது உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் போகும். அந்த இடைவெளியை அளந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

அளக்க ஓர் அடையாளம் வேண்டும். இரண்டு கருவிகளும் ஓடத் தொடங்கியபின், மேடையில் ஒருவர் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு முறை பலமாகக் கைதட்ட வேண்டும். கேமராவின் சொந்த ஒலி எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதை அணைத்துவிடாதீர்கள். அளப்பதற்கு அதுதான் கை கொடுக்கும். இரண்டு ஒலிகளையும் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்தால், கைதட்டல் ஊசிபோல் எழுந்து நிற்கும்.

ஓர் உதாரணம். கேமராவின் ஒலியில் கைதட்டல் 9.640 நொடியிலும் ரெக்கார்டரில் 6.390 நொடியிலும் வருகிறது. வித்தியாசம் 3.250 நொடி. ரெக்கார்டர் பிந்தித் தொடங்கியிருக்கிறது. எனவே அதன் ஒலியை அவ்வளவு தாமதப்படுத்த வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். கேமரா மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருந்தால், கைதட்டல் அதை எட்டச் சுமார் 0.05 நொடி ஆகும். நொடிக்கு 25 படங்கள் ஓடும் வீடியோவில் இது ஒரு படத்துக்கும் மேல். படமோ உடனே பதிவாகிவிடுகிறது. எனவே அந்த 0.05-ஐக் கழித்து, 3.200 நொடி என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைகளும் சேரும் படத்தைப் பார்த்து அதைச் சரிபார்க்கலாம்.

கணினியில் ffmpeg இருந்தால், ஒரே கட்டளையில் இணைத்துவிடலாம். 3200 என்பது மில்லி நொடிக் கணக்கு:

```
ffmpeg -i video.mp4 -i rec.wav -map 0:v -map 1:a -c:v copy -af "adelay=3200:all=1" -c:a aac out.mp4
```

ரெக்கார்டர் முந்தித் தொடங்கியிருந்தால் தாமதம் தேவையில்லை. `-af` பகுதியை எடுத்துவிட்டு, `-i rec.wav` என்பதற்கு முன்னால் `-ss` போட்டு, கூடுதலாக உள்ள நொடிகளை எழுதினால் ஒலியின் தொடக்கம் அந்த அளவு வெட்டப்படும்.

தொடக்கம் பொருந்திவிட்டது என்று அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் துளியும் பிசகாமல் ஒன்றுபோல் ஓடுவதில்லை. லட்சத்தில் ஐந்து பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். அந்த விலகலை எந்தத் தாமதமும் திருத்தாது. ஒலியின் வேகத்தையே அந்த அளவு மாற்ற வேண்டும். Ffmpeg-இல் அதற்கு `atempo` இருக்கிறது. விலகல் இருக்கிறதா என்று அறிய, நிகழ்ச்சி முடியும்போதும் ஒரு முறை கைதட்டச் சொல்லுங்கள்.