திறந்த ஃப்ரிட்ஜ் அறையைக் குளிர்விக்குமா?

சித்திரை வெயிலில், ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்தால் அறை குளிருமா? முதல் சில நிமிடங்கள் கதவருகே நிற்பவருக்குச் சில்லென்றிருக்கும். உள்ளே சேர்ந்திருந்த குளிர் வெளியேறுவதே காரணம். பிறகு அறை மெல்லச் சூடேறும்.

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து, பின்புறக் கம்பிச்சுருள் வழியாக அதே அறையில் விடுகிறது. அந்த வேலைக்கு கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகிறது. ஒரு கணக்கு: கம்ப்ரசர் 100 வாட் இழுத்து, உள்ளிருந்து 200 வாட் வெப்பத்தை எடுத்தால், பின்னால் வெளிவருவது 300 வாட். முன்னால் எடுத்தது 200, பின்னால் கொடுத்தது 300. மிச்சம் 100 வாட், பழைய குண்டு பல்பு ஒன்று தருமளவு சூடு.

கதவு மூடியிருந்தால், போதிய குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்திவிடும். திறந்திருந்தால் அந்தக் குளிர்நிலை வருவதேயில்லை. கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், சூடும் கூடும்.

ஏசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதன் சூடான பகுதி சுவருக்கு வெளியே இருக்கிறது.