25 நாள் செலவுக்கு... 5 நாள்தான் லாபத்துக்கு!

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு சின்ன டிபன் கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் விற்பனை 10,000 ரூபாய். மாதம் 30 நாளுக்கு 3 லட்சம். கல்லா நிறைகிறது, ஆனால் கையில் எவ்வளவு நிற்கிறது?

அதற்கு முதலில் செலவுகளைப் பிரிக்க வேண்டும். வாடகை 25,000, ஆட்கள் சம்பளம் 65,000. விற்பனை குறைந்தாலும் கூடினாலும் இவை மாறாது. மளிகை, காய்கறி, பால், பார்சல் சாமான்கள் எல்லாம் விற்பனையோடு சேர்ந்து ஏறும். 100 ரூபாய் விற்றால் இவற்றுக்கு 54 ரூபாய் போகிறது.

குழப்புவது கரன்ட் பில்லும் கேஸ் செலவும்தான். ஃப்ரிட்ஜ் எப்போதும் ஓடும். அடுப்போ வியாபாரத்துக்கு ஏற்ப எரியும். இரண்டும் கலந்த இந்தச் செலவைப் பிரிக்க எளிய வழி உண்டு. அதிகம் விற்ற மாதத்தையும் குறைவாக விற்ற மாதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 லட்சம் விற்றபோது இந்தச் செலவு 31,000. 2.5 லட்சம் விற்றபோது 25,000. ஒரு லட்சம் கூடுதல் விற்பனைக்கு 6,000 கூடியிருக்கிறது. அதாவது 100 ரூபாய்க்கு 6 ரூபாய். 2.5 லட்சத்துக்கு இது 15,000 ஆகிறது. மீதி 10,000 நிலையான செலவு. இடையில் சிலிண்டர் விலையோ மின்கட்டணமோ மாறியிருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். அதனால் விலை மாறாத மாதங்களையே ஒப்பிட வேண்டும்.

இப்போது நிலையான செலவு மொத்தம் 1 லட்சம். 100 ரூபாய் விற்பனையில் 54-ம் 6-ம் போக 40 ரூபாய் மிஞ்சுகிறது. 1 லட்சத்தை 40 சதவிகிதத்தால் வகுத்தால் 2.5 லட்சம். இதுதான் ‘பிரேக் ஈவன்’. லாபமும் இல்லாத, நஷ்டமும் இல்லாத விற்பனை. 3 லட்சத்தில் இதைக் கழித்தால் வரும் 50,000-க்குப் பெயர் ‘மார்ஜின் ஆஃப் சேஃப்டி’. விற்பனை அவ்வளவு சரியும்வரை நஷ்டம் வராது.

நாள் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதல் 25 நாள் செலவுக்கே சரியாகிவிடுகிறது. கடைசி 5 நாளில் விற்கும் 50,000-ல் 40 சதவிகிதம், அதாவது 20,000 ரூபாய்தான் மாத லாபம். மழையால் 5 நாள் கடை அடைத்தால் அதுவும் போய்விடும்.

இதில் விட்டுப்போன செலவு ஒன்று இருக்கிறது. காலை முதல் இரவு வரை உழைக்கும் கணவன் மனைவிக்குச் சம்பளம் போடவில்லை. இருவருக்கும் சேர்த்து வெறும் 20,000 போட்டாலே நிலையான செலவு 1.2 லட்சம் ஆகும். பிரேக் ஈவன் 3 லட்சத்துக்கு ஏறிவிடும். விற்பனையும் அதே 3 லட்சம். மார்ஜின் பூஜ்யம். லாபம் என்று அவர்கள் நினைத்தது அவர்களுடைய கூலிதான். இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டாவது கிளைக்குக் கடன் வாங்கினால், வட்டி கட்ட அந்தக் கூலியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.